பதினான்காவது கருத்துக்கு எங்கள் பதில்

என் வீட்டில் நான் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வீட்டுக்காரர் டீ போட்டுக் கையில் கொடுத்தாலும் ‘உம்’ என்று வாங்கிக்கொள்வேன். திமிர் இல்லை, சரக்குத் தீர்ந்துவிட்டது. இருக்கிற நன்றியையெல்லாம் பகலில் பல்கலைக்கழகத்தில் செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பிழைப்பு அப்படி. ஆய்வுக் கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்பினால் அது நேராக அச்சுக்குப் போகாது. எடிட்டர் அதை முகம் தெரியாத இரண்டு பேரிடம் கொடுப்பார். ரிவ்யூவர்கள். அவர்கள் படித்துவிட்டு, படிக்காமலும்தான், குறைகளை நம்பர் போட்டு எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பதில் எழுத வேண்டும். மூன்று கட்டம் போட்ட அட்டவணை. முதல் கட்டத்தில் அவர் சொன்னது, அட்சரம் பிசகாமல். இரண்டாவதில் நாங்கள் சொல்வது. மூன்றாவதில் எந்தப் பக்கம், எந்த வரி, என்ன மாற்றினோம் என்பது. கட்டுரையில் மாற்றிய இடமெல்லாம் நீல எழுத்தில் நிற்க வேண்டும். இந்தப் பதில் கடிதத்தில் கோட்டை விட்டால் கட்டுரை திரும்பி வந்துவிடும்.

எங்கள் துறைத் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். பதில் கடிதத்தில் அவர் கரை கண்டவர். அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. எல்லாப் பதிலும் நன்றியில்தான் தொடங்க வேண்டும். ரிவ்யூவருக்குப் புரியவில்லை என்று எழுதக் கூடாது, நாங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்ற சொல் கடிதத்தில் எங்கேயும் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் இது: கடிதத்தை முதலில் எழுதிவிட வேண்டும். ‘செய்துவிட்டோம், பார்க்க: வரி இத்தனை’ என்று எழுதி, வரி எண்ணுக்கு இடம் விட்டுவிட்டு, அதற்கு அப்புறம்தான் கட்டுரையைத் திறக்க வேண்டும். அப்போதுதான் வேலை சீக்கிரம் முடியுமாம். முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறாராம், ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லையாம்.

நான் ஒப்பந்த ஆய்வாளர். வருடா வருடம் நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த வருடம் நிர்வாகம் ஒரு புது விதி கொண்டுவந்தது. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கமிட்டி மாதக் கடைசியில் கூடுகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதெல்லாம் செல்லாது, ‘ஏற்கப்பட்டது’ என்ற கடிதம் கையில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை.

கூரையைப் பற்றிய கட்டுரை அது. தகரக் கூரை போட்ட இருபத்துநான்கு வீடுகளை எடுத்துக்கொண்டோம். பாதி வீடுகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். மீதியை அப்படியே விட்டோம், ஆய்வு முடிந்ததும் அடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து. எல்லா வீட்டிலும் உள்சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஆணி அடித்து, உள்ளங்கை அளவு சென்சார் ஒன்றை மாட்டினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். கோடை முழுக்க ஓடியது. முடிவு பிரமாதம். பூச்சு அடித்த வீடுகள் மத்தியானத்தில் இரண்டு புள்ளி எட்டு டிகிரி குளிர்ச்சியாக இருந்தன. பெரியவர் அந்த எண்ணைப் போகிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரிவ்யூ வந்தது. முதல் ரிவ்யூவர் மூன்றே வரி எழுதியிருந்தார். அருமையான ஆய்வு, ஆனால் பூச்சு அடிக்காத வீடுகளுக்குள் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று விளக்கினால் நல்லது, அவ்வளவுதான். இரண்டாம் ரிவ்யூவர் இருபத்துமூன்று கருத்து எழுதியிருந்தார். இரண்டாவது கருத்து, முன்னுரை மிக நீளம், சுருக்கவும். ஐந்தாவது, முன்னுரையில் பல முக்கியமான ஆய்வுகள் விடுபட்டுள்ளன, சேர்க்கவும். சேர்க்க வேண்டிய நான்கு கட்டுரைகளின் பட்டியலும் இருந்தது. நான்கிலும் ஒரே ஆள் ஆசிரியர். ஒன்று மீன்பிடி படகுகளைப் பற்றியது. கூரைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். படகிலும் கூரை உண்டே என்றார் பெரியவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எங்களில் மூன்றாவது ஆள் புள்ளியியல்காரர். புள்ளி என்று கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பது போல இருப்பார். அவர் நன்றி சொல்ல மறுத்துவிட்டார். அவர் பங்குக்கு வந்த ஆறு கருத்துகளுக்கும் ‘ஆம்’, ‘இது ஏற்கனவே ஏழாம் பக்கத்தில் உள்ளது’ என்று மொட்டையாக எழுதி அனுப்பினார். ஆறுக்கும் நான்தான் பூ வைத்துப் பொட்டு வைத்தேன். ‘மிகுந்த கவனத்துடன் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. ஏழாம் பக்கத்தில் நாங்கள் எழுதியது போதிய தெளிவுடன் அமையவில்லை.’ தெளிவாகத்தான் இருந்தது. கண் இருக்கிறவன் படித்தால் புரியும்.

வீட்டுக்காரர் ஒரு போன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க வசவு வாங்குவதுதான் வேலை. அந்தக் கடிதத்தை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எடுத்துப் படித்துவிட்டு, நாங்களே இவ்வளவு குனிய மாட்டோமே என்றார். குனியாமல் நிமிர்ந்தால் உங்கள் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். அன்றைக்கு அவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். அந்த வேலை போனால் என் வயதில் இன்னொரு லேபில் யார் நாற்காலி போடுவார்கள்?

பதினான்காவது கருத்துக்கு வருகிறேன். ‘வீட்டில் கருவி எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டும் புகைப்படம் ஒன்றைச் சேர்க்கலாம்.’ பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். இது என்ன கல்யாண ஆல்பமா என்றார். கருத்து சொல்ல வேறு ஒன்றும் கிடைக்காமல் எண்ணிக்கைக்காகப் போட்டது என்று நானும் ஒத்து ஊதினேன். பதிலை அவரே வாயால் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ‘சிறந்த ஆலோசனைக்கு நன்றி. புகைப்படம் சேர்க்கப்பட்டது. எல்லா வீடுகளிலும் கருவி உள்சுவரில், வெப்பம் தரும் பொருள்களுக்கு அப்பால் மாட்டப்பட்டிருந்தது.’ வரி எண்ணுக்கு இடம் விட்டாயிற்று.

படத்துக்காக எங்கள் டெக்னீஷியனைப் பிடித்தேன். சென்சார்களை மாட்டியது, மாதாமாதம் போய்ப் பதிவை இறக்கி வந்தது எல்லாம் அவர்தான். ஆணி அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போகிற போதெல்லாம் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பார்க்க லட்சணமாக ஒரு சுவர் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் சுவர், ஆணி, சென்சார். பதினேழாம் வீட்டில் ஒரே ஒரு படத்தில் மட்டும் சுவர் இல்லை. ஃபிரிட்ஜ் இருந்தது. ஃபிரிட்ஜ் தலையில் பின்னல் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, அதற்குப் பின்னால் சுவரோரமாக எங்கள் சென்சார் சொகுசாகப் படுத்திருந்தது.

ஃபிரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டையெல்லாம் பின்பக்கமாகத்தான் வெளியே தள்ளும். அதன் உச்சந்தலையில் ஒரு வெப்பக் கருவி.

ஆணி அண்ணனைக் கேட்டேன். அன்றைக்கு மட்டும் சொல்லாமல் போயிருந்தாராம். அந்த வீட்டம்மாவைக் கடிந்துகொண்டு திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தாராம். மற்ற மாதங்களில்? முந்தின நாளே போன் செய்துவிட்டுத்தான் போவாராம். போகும்போது எல்லாம் ஆணியில்தான் இருக்குமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் உறைத்துவிட்டது.

புள்ளியிடம் ஓடினேன். கட்டுரையில் நாங்கள் மணிக்கொரு சராசரிதான் போட்டிருந்தோம். அவர் சராசரியை விட்டுவிட்டு, பத்து நிமிடப் பதிவை அப்படியே திரையில் விரித்தார். மற்ற வீடுகளில் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. பதினேழாம் வீட்டில் ரம்பப் பல் மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்போது ஏற்றம், நிற்கும்போது இறக்கம், ராத்திரி பகல் பாராமல். மணிக்கொரு சராசரி எடுத்ததும் பல்லெல்லாம் மழுங்கிப்போயிருக்கிறது. அவர் மற்ற வீடுகளையும் திறந்தார். பதினெட்டிலும் ரம்பம். பத்தொன்பதிலும் ரம்பம். மூன்றும் பூச்சு அடிக்காத வீடுகள்.

நேரில் போனேன். ஒரே வரிசையில் ஒட்டினாற்போல மூன்று வீடுகள். பதினேழாம் வீட்டம்மா தையல் வேலை செய்கிறவர். வாசலிலேயே மெஷின். மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாகத்தான் சொன்னார். விலை உயர்ந்த சாமான், சுவரில் தொங்கினால் போகிற வருகிறவர் தோள் இடித்துக் கீழே விழுந்துவிடும், அதனால் பத்திரமாக மேலே எடுத்து வைத்தாராம். பக்கத்து வீடு இரண்டுக்கும் அவர்தான் யோசனை சொன்னாராம். ஆணி அண்ணன் வருகிறேன் என்று போன் செய்தால், மனுஷர் சங்கடப்படக் கூடாதே என்று மூன்று பேரும் எடுத்து மாட்டி வைப்பார்களாம். இதைக் கேட்டுவிட்டு யார்மேல் கோபப்படுவது? எங்கள் கருவியை எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வீட்டையும் எடுத்துவிட்டுப் புள்ளி திரும்பக் கணக்குப் போட்டார். இரண்டு புள்ளி எட்டு, ஒன்று புள்ளி மூன்று ஆயிற்று. சின்னது, ஆனா நிஜம் என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

பெரியவர் அறையில் ஏசி வேலை செய்யவில்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு பதில் கடிதத்தை எடுத்துப் பதினான்கைக் காட்டினார். அதுதான் எழுதி முடித்தாயிற்றே என்றார். ரிவ்யூவர் கேட்டது ஒரு படம். இருபத்தொரு வீட்டில் சுவர்ப் படம் இருக்கிறது, அதில் ஒன்றைப் போடு. பொய் ஒன்றும் இல்லையே, அந்த வீட்டில் சுவரில்தானே இருந்தது. முதல் ரிவ்யூவரின் ஏற்றத்தாழ்வுக் கேள்விக்கும் பதில் தயார், வீடுகளின் இயல்பான பன்மை என்று. அழகான சொற்றொடர், அவரே யோசித்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. உயிர் வந்தது போல இருந்தது. அறைக்குத் திரும்பி, நல்ல சுவராக ஒன்றை எடுத்து ஆறாம் பக்கத்தில் ஒட்டியும்விட்டேன். கீழே அந்த வாக்கியத்தை, ‘எல்லா வீடுகளிலும்’ என்று தொடங்குவதை, நீல எழுத்தில் அடிக்கத் தொடங்கினேன். அடித்துவிட்டு வரி எண்ணைக் கடிதத்தில் போட வேண்டும். அதற்காகக் கடிதத்தை மேலிருந்து கீழே உருட்டினேன். நன்றி. நன்றி. மிக்க நன்றி. மீன்பிடி படகுக்கு நன்றி. சுருக்கச் சொன்னதற்கு நன்றி, அதையே நீட்டச் சொன்னதற்கும் நன்றி. இருபத்திரண்டு நன்றி, அத்தனையும் பொய். ஒரே ஒரு கருத்துக்கு மட்டும் அந்த ஆள் காலில் விழுந்து நன்றி சொல்லலாம், அவர் மட்டும் படம் கேட்டிருக்காவிட்டால் ஃபிரிட்ஜின் சூட்டை உலகத்துக்கே வெள்ளைப் பூச்சின் மகிமை என்று விற்றிருப்போம். அந்த ஒரு இடத்தில் மட்டும் நன்றி என்று எழுதி அதன் கீழேயே அவர் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறேன்.

எனக்கு வந்தது நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், வந்தது ஆத்திரம். ஒரு காற்புள்ளிக்காக மூன்று தரம் மன்னிப்புக் கேட்க வைத்தீர்களே, இதை மட்டும் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? சுவர்ப் படத்தைப் பிய்த்தேன். ஃபிரிட்ஜ் படத்தை ஒட்டினேன். பதினான்காவது பதிலை முழுக்க அழித்துவிட்டு உள்ளது உள்ளபடி எழுதினேன். கருவி எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எந்த மூன்று வீடுகள், எடுத்ததும் எண் எப்படி மாறியது. முதல் ரிவ்யூவரின் கேள்விக்கும் அதே பதில்தான், ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் ஃபிரிட்ஜ். சுருக்கத்தில் மாற்றம், இரண்டு அட்டவணையில் மாற்றம், எல்லா வரைபடமும் புதிது, முடிவுரை புதிது. மூன்றாவது கட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் போனது. தொடக்கத்தில் ‘நன்றி’ என்றும் போட்டேன். மனசாரப் போட்டேன். படித்துப் பார்த்தால் மற்ற இருபத்திரண்டு நன்றி மாதிரியேதான் இருந்தது.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் எதிர்காலத்துக்காகத்தான் சொல்வதாகச் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. புள்ளி ஓரமாக உட்கார்ந்திருந்தார். பழைய கடிதம் போனால் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார், அவ்வளவுதான். பெரியவர் முகம் சுண்டிவிட்டது. ரிவ்யூ நடுவில் ஓர் ஆசிரியர் பெயரை எடுக்க வேண்டுமென்றால் ஜர்னலின் தனிப் படிவத்தில் காரணம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், எடிட்டர் ஏன் எதற்கு என்று துருவுவார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என் கடிதத்தை வாங்கிப் படித்தார். பதினான்கில் கூடுதலாக இரண்டு நன்றி சேர்த்தார். அனுப்பு என்றார்.

அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெயில் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். இரண்டு புள்ளி எட்டைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஒன்று புள்ளி மூன்றைத் தூக்கி எறிவார்கள் என்றுதான் நினைத்தேன். ராஜினாமா இல்லாமலேயே வேலை போகும் விதத்தை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சொல்ல வேண்டி வரவில்லை. அவரே ஒருநாள், பார்த்துக்கலாம் என்றார், வேறு எதையோ பேசுகிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதில் வந்தது. கமிட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. முதல் ரிவ்யூவர், முந்தைய எண் பார்க்க நன்றாக இருந்தது, பரவாயில்லை, ஏற்கலாம் என்று எழுதியிருந்தார். இரண்டாம் ரிவ்யூவருக்கு எல்லாவற்றிலும் திருப்தி. ஒரே ஒரு சிறு திருத்தம். ‘கருத்து பதினான்கு: புகைப்படம் தெளிவாக இல்லை. தரமான படத்தை மாற்றிச் சேர்க்கவும்.’

அவ்வளவுதான். ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வேலையைப் பணயம் வைத்து எழுதிய பக்கத்தைத் தாண்டிப்போய், படம் மங்கல் என்று சொல்லியிருக்கிறார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பெரியவர் குஷியாகிவிட்டார். கூப்பிடு தூரத்தில் வீடு, ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் மேல வச்சு நல்ல கேமராவில் எடுத்து வா என்றார். நடந்ததைத்தானே காட்டுகிறோம், அதே வீடு, அதே ஃபிரிட்ஜ். எனக்கும் அதற்கு எதிராக ஒன்றும் சட்டென்று தோன்றவில்லை. துறை ஸ்டோரில் சென்சார் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் நாள் அந்தம்மாவுக்குப் போனும் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குள் அடுத்த கோடை வந்திருந்தது. தருவதாகச் சொன்ன வெள்ளைப் பூச்சு மட்டும் வரவில்லை, அந்த ஃபைல் கணக்குப் பிரிவில் எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காலை வைத்ததும் தகரத்தின் காங்கை முகத்தில் அடித்தது. அந்தம்மா படத்துக்காக எல்லாம் தயார் செய்திருந்தார். பின்னல் துணி துவைத்துத் தேய்த்து விரிக்கப்பட்டிருந்தது. பூச்சாடியில் புதுப் பூ. ஃபிரிட்ஜும் புதுசு. பழையது போன மாதம் உயிரை விட்டுவிட்டதாம். புதியது கண்ணாடி மாதிரி பளபளவென்று, படத்தில் எடுப்பாக விழும் என்றார்.

நான் கேமராவை எடுத்தேன். அந்தம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“டீச்சரம்மா, எங்க மூணு வீட்டையும் கணக்குல இருந்து எடுத்துட்டீங்களாமே. ஆணி அண்ணன் சொன்னாரு.”

ஆமாம் என்றேன். கருவி இடம் மாறி இருந்ததால் அந்த எண் உங்கள் வீட்டுச் சூடு ஆகாது, ஃபிரிட்ஜின் சூடு ஆகும் என்று விளக்கினேன்.

“அது சரி. தப்பு எங்க மேலதான். ஆனா இந்தத் தகரத்துக்குக் கீழ வெந்தது நாங்கதானே. அப்ப எங்க வீட்டுல எவ்வளவு சூடுன்னு போட்டிருக்கீங்க?”

எனக்கு எத்தனை பதில் தெரியும்! இருபத்துமூன்று கருத்துக்குப் பக்க எண்ணோடு வரி எண்ணோடு பதில் எழுதியவள். மொத்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்விக்கு ஒரு வரி இல்லை. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தெரியாதும்மா,” என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கேமராவைப் பையில் போட்டேன். அந்தம்மாவுக்கு ஏமாற்றம். பூவெல்லாம் புதுசா வாங்கினேனே என்றார். பழைய ஆணி அதே சுவரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், அப்படியே இருந்தது. கொண்டுபோன சென்சாரை அதில் மாட்டினேன். அதன் முகத்தில் எண் தெரியும், கட்டுரைக்கு இல்லை, நீங்கள் பார்ப்பதற்குத்தான் என்றேன். விழுந்தா விழட்டும், மேல எடுத்து மட்டும் வைக்காதீங்க என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பதில் கடிதத்தைத் திறந்தேன். கட்டம் ஒன்று: புகைப்படம் தெளிவாக இல்லை, மாற்றவும். கட்டம் இரண்டு: ‘இல்லை. அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட படம் இது ஒன்றுதான். இப்போது எடுத்தால் அது தெளிவாக இருக்கும், ஆனால் நடந்ததாக இருக்காது.’ கட்டம் மூன்று: ‘மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை.’ நன்றி என்று தொடங்கவில்லை, மறந்தும் போகவில்லை. புள்ளி படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பெரியவரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். மாசக் கடைசி கமிட்டி ஞாபகம் இருக்குல்ல என்றார். இருக்கிறது என்றேன். உன் தலையெழுத்து என்று வைத்துவிட்டார். நான் அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

கமிட்டி கூடுகிற அன்று காலையில் மெயில் வந்தது. ஏற்கப்பட்டது. ‘ரிவ்யூவர்கள் கேட்ட எல்லா மாற்றங்களையும் பணிவுடனும் முழுமையாகவும் செய்து முடித்தமைக்கு எடிட்டரின் பாராட்டுகள்.’ ஒரு தரம் படித்தேன், இன்னொரு தரம் படித்தேன். மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று நான் அனுப்பிய ஒற்றைப் பக்கத்துக்குக் கிடைத்த பாராட்டு. ஆக, அதையும் யாரும் படிக்கவில்லை.

பெரியவர் அறைக்கே வந்துவிட்டார். பார்த்தியா, பணிவா எழுதினா எதுவும் நடக்கும், நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் என்றார். கடிதத்தை அச்செடுத்து எனக்கு முன்னால் அவரே கமிட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார். என் வேலை இன்னொரு வருடத்துக்குப் பிழைத்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தேன் என்றும் ஆத்திரமாக இருந்தது, அந்தப் பக்கம் ஆளே இல்லாதபோது.

மத்தியானம் போன் அடித்தது. தையல்காரம்மா. பின்னால் மெஷின் ஓசை இல்லை, நிறுத்திவிட்டுப் பேசுகிறார் போல.

“டீச்சரம்மா, டப்பா ஆணியிலதான் இருக்கு, நான் தொடவே இல்ல. நாப்பத்தொண்ணு காட்டுது. இது ஃபிரிட்ஜு சூடு இல்லையே?”

“இல்லம்மா. உங்க வீட்டுச் சூடுதான்.”

“அப்படியா,” என்றார். பிறகு, பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் பார்க்கணும்னு வந்து நிக்கிறாங்க, அவங்களுக்கும் ஒண்ணு ஒண்ணு மாட்டித் தர முடியுமா என்று கேட்டார்.